திறன் 5 கிலோவாட், திறன் 97%: ஒரு சோலர் பயிற்சி ஸ்லைட் தொகுப்பில் சொல் தேர்வு

மட்டக்களப்பில் வீட்டு வயரிங் வேலை செய்யும் மின்பணியாளர்களுக்குக் கூரையில் சோலர் பொருத்துவது பற்றி ஒருநாள் பயிற்சி. கையில் இருப்பவை இரண்டு: 36 ஸ்லைட் கொண்ட ஆங்கிலத் தொகுப்பு, இணையத்தில் கிடைத்த சொற்பட்டியல்களைப் பார்த்து அவசரமாகச் செய்த அதன் முதல் தமிழ் வரைவு. வரைவில் எழுத்துப்பிழை குறைவு, வாக்கியங்களும் ஓடுகின்றன. ஆனாலும் அதை வைத்துக் கூரையில் ஏறினால் ஆபத்து. எந்தச் சொற்கள் அப்படி ஆக்கின, அவற்றுக்குப் பதிலாக எது வந்தது, ஏன் வந்தது என்பதே இந்த ஆய்வு.

தொகுப்பு முழுவதும் ஒரே எடுத்துக்காட்டைப் பிடித்துப் போகிறது. 550 வாட் பெனல் 10, ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்து, 5 கிலோவாட் இன்வேட்டர் ஒன்றுக்கு. இந்த ஊர் வீட்டுக் கூரைகளில் சாதாரணமாகப் போகும் அளவு.

வாசகர் யார் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். இவர் சாதாரண தரம் வரை தமிழில் விஞ்ஞானம் படித்தவர். ஓட்டம், தடை, வலு, சக்தி எல்லாம் பாடப்புத்தகத்தில் பார்த்திருக்கிறார். வேலையை ஒரு மூத்த பாஸிடம் பழகியதால் வாயில் வருவது பிரேக்கர், எர்த், லோட், ட்ரிப் சுவிட்ச். கையில் எடுக்கும் சாமானில் எழுதியிருப்பது ஆங்கிலம். ஆக, ஒரே மனிதரிடம் மூன்று சொற்களஞ்சியங்கள் இருக்கின்றன. ஸ்லைட்டில் வரும் ஒவ்வொரு சொல்லும் அவற்றில் எதைத் தட்டப்போகிறது என்று கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். வரைவு இந்த மூன்றையும் தொடாமல், அவரிடம் இல்லாத நான்காவது ஒன்றிலிருந்து வந்திருந்தது.

திறன் என்ற பொறி

7ஆம் ஸ்லைட்டின் தமிழ் வரைவு இது: “5 kW திறன் கொண்ட இன்வெர்ட்டரின் திறன் 97%.”

முதல் ‘திறன்’ தமிழ்நாட்டுப் பாடநூல் வழக்கு. அங்கே ஒரு நொடியில் செய்யப்படும் வேலையின் அளவுக்குப் பெயர் திறன். நமது பாடப்புத்தகத்தில் அதற்குப் பெயர் வலு. இரண்டாவது ‘திறன்’ உள்ளே போவதில் எவ்வளவு வெளியே வருகிறது என்ற விகிதம். நமது வழக்கில் அது வினைத்திறன், சில நேரம் சுருக்கமாகத் திறன். வரைவு செய்தவர் இரண்டு பட்டியல்களிலிருந்தும் எடுத்துவிட்டார். தனித்தனியே பார்த்தால் இரண்டும் சரி, ஒரே வாக்கியத்தில் வந்ததும் பொருள் போய்விட்டது.

இந்த வாக்கியமாவது விசித்திரமாக இருப்பதால் கண்ணில் படும். 11ஆம் ஸ்லைட்டில் இருப்பது பார்வைக்கு நன்றாக இருக்கிறது: “வெப்பநிலை உயர்ந்தால் பேனலின் திறன் குறையும்.” ஆங்கிலத்தில் அது பெனல் தரும் வலுவைச் சொன்னது, கூடவே கணக்கும் இருந்தது. பெனலின் பெயர்த்தகட்டில் உள்ள 550 வாட், கலங்கள் 25 பாகை செல்சியசில் இருக்கும்போது எடுத்த அளவு. அதற்கு மேல் ஒவ்வொரு பாகைக்கும் ஏறத்தாழ 0.35% குறையும் பெனல் என்று வைத்துக்கொண்டால், கச்சான் காற்று வீசும் பகலில் கலம் 60 பாகைக்குப் போகும்போது 35 பாகை அதிகம். இழப்பு 12% சொச்சம், 550 வாட் 483 ஆகிறது. ‘திறன் 12% குறையும்’ என்று படித்தவர், 11ஆம் ஸ்லைட்டுக்கு முன்னால் வந்த பெனல் வினைத்திறனான 21%இலிருந்து 12ஐக் கழித்து 9% என்று எடுத்துக்கொள்ளலாம். அப்படி எடுத்தால் அவர் பிழை செய்யவில்லை, வாக்கியம் அதற்கு இடம் கொடுத்தது.

எனவே முதல் விதி: பள்ளியில் படித்த கருத்து என்றால் நமது பாடப்புத்தகச் சொல்லே. வலு, சக்தி, வினைத்திறன், தடை, ஓட்டம், அழுத்தம். இவற்றில் ஒலிபெயர்ப்புக்கு வேலை இல்லை. ‘பவர்’ என்று எழுதினால், நம் பேச்சில் பவர் மின்சாரத்தையே குறிக்கும், ‘பவர் போச்சு’ என்றால் கரண்ட் போய்விட்டது. வலு என்ற ஒற்றைப் பொருள் அதில் நிற்காது.

தடைக்கும் இதே கதிதான். தமிழ்நாட்டு நூல்களில் மின்தடை என்றால் ஓட்டத்தை எதிர்க்கும் பண்பு. இங்கே பத்திரிகையில் ‘நாளை மின்தடை’ என்றால் காலை எட்டு மணியிலிருந்து கரண்ட் இருக்காது. “மின்தடை குறைந்தால் இன்வெர்ட்டர் நின்றுவிடும்” என்ற வரி அப்படிப் படித்தால் தலைகீழாகிவிடுகிறது.

இந்தச் சொற்கள் எங்கிருந்து வந்தன என்று ஒரு வார்த்தை. அம்பாறை மாவட்டத்தின் காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் 1930களில் சென்னையில் கலைச்சொல் ஆக்கக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். பின்னர் இலங்கையில் அரசகரும மொழித் திணைக்களம் சொற்றொகுதிகள் வெளியிட, இரு கரைகளும் தத்தம் வழியில் போயின. இரண்டில் எது மேல் என்ற வழக்கு இங்கே வேண்டியதில்லை. ஒரு தொகுப்புக்குள் இரண்டும் கலக்கக்கூடாது, அவ்வளவுதான்.

தகட்டில் துளையிடுக

பெனலுக்கு வரைவில் ‘சூரியத் தகடு’. அழகான சொல். தகடு எல்லோருக்கும் தெரியும், அகராதியும் ஒத்துக்கொள்ளும். சிக்கல் 19ஆம் ஸ்லைட்டில் வந்தது. அங்கே கூரை பற்றிய படிகள். பல வீடுகளில் கூரை தகடு. “தகட்டைப் பொருத்துமுன் தகட்டின் மேடான பகுதியில் துளையிடவும்” என்று வந்துவிட்டது. மேட்டில் துளையிடச் சொல்வது சரியான அறிவுரை, பள்ளத்தில் துளைத்தால் மழைநீர் அந்த வழியே இறங்கும். ஆனால் எந்தத் தகடு?

சொல்லைத் தனியே பார்த்தால் இது தெரியாது. ஒரு சொல்லை ஏற்கும்முன் தொகுப்பின் மற்ற ஸ்லைட்டுகளில் அதே தமிழ்ச் சொல் வேறு பொருளில் வருகிறதா என்று தேட வேண்டும். வந்தால், யார் வீட்டுச் சொல் என்று பார்த்து விட்டுக்கொடுக்க வேண்டும். தகடு கூரைக்காரரின் சொல். பெனல் கடையில் கேட்டு வாங்கும் சாமானின் பெயர், பில்லிலும் அதுவே. ஆகவே பெனல் ஒலிபெயர்ப்பிலேயே போனது.

இதற்கு நேர் எதிரான முடிவு ‘ஸ்ட்ரிங்’குக்கு. பத்துப் பெனலை ஒன்றின் நேர் முனையை அடுத்ததன் மறை முனையில் தொடுத்துக்கொண்டு போனால் கிடைக்கும் வரிசை அது. ஒலிபெயர்த்தால் தொடக்கத்திலேயே மூன்று மெய்கள் மோதுகின்றன, ‘ஸ்ட்ரிங்கின்’, ‘ஸ்ட்ரிங்குகளுக்கிடையே’ என்று வேற்றுமை சேரும்போது இன்னும் மோசம். தமிழில் ‘சரம்’ காத்துக்கொண்டிருந்தது. பூச்சரம் தொடுப்பதுபோலவேதான் பெனலையும் தொடுக்கிறார்கள், ஒன்று அறுந்தால் முழுச் சரமும் போகும் என்பதையும் சொல் தானாகச் சொல்லிவிடுகிறது. அழுத்தம் கூடிக்கொண்டு போகும் என்பது மட்டும் சொல்லில் இல்லை, அதை ஒரு வரியில் எழுதினால் போதும்: ஒரு பெனலின் திறந்த சுற்று அழுத்தம் 49.5 வோல்ட் என்றால் பத்துப் பெனல் சரத்தின் இரு முனைக்குமிடையே 495 வோல்ட். வீட்டுக்கு வரும் 230 வோல்ட்டின் இரு மடங்கைத் தாண்டியது. சரம் வேறு எந்த ஸ்லைட்டிலும் வரவில்லை, சாமானிலும் அது லேபலாக ஒட்டப்பட்டிருக்காது. இரண்டு நிபந்தனையும் நிறைவேறியதால் தமிழ்ச் சொல் வென்றது.

இன்வேட்டருக்கு அதிகம் யோசிக்கத் தேவையில்லை. ‘தலைகீழாக்கி’, ‘நேர்மாற்றி’ எல்லாம் ஆங்கிலச் சொல்லின் வேரைப் பெயர்க்கின்றன, கருவி செய்யும் வேலையைச் சொல்வதில்லை. அந்தப் பெயரில் எந்தக் கடையிலும் சாமான் கிடைக்காது. எழுத்து மட்டும் ஒன்றாக இருக்க வேண்டும். வரைவில் இன்வெர்ட்டர், இன்வர்டர், இன்வேட்டர் மூன்றும் இருந்தன. நம் வாயில் நடுவில் உள்ள ரகரம் ஒலிக்காது என்பதால் இன்வேட்டர். அதேபோல் நம் உச்சரிப்பைப் பார்த்து, சோலார் இல்லை, சோலர். பேனல் இல்லை, பெனல். ஆங்கில t ஒலிக்கு யாழ்ப்பாண எழுத்து வழக்கில் வரும் ரயர், ரோச் போன்ற முறையை இங்கே எடுக்கவில்லை. ‘ரிப் சுவிச்’ என்று எழுதினால் கிழக்கில் பலர் அதை ரகரமாகவே வாசிப்பார்கள்.

நெட் மீட்டரிங், நெட் அக்கவுண்டிங், நெட் பிளஸ் என்ற மூன்றையும் ‘நிகர’ சேர்த்து மொழிபெயர்க்காமல் விட்டதற்குக் காரணம் வேறு. அவை திட்டங்களின் பெயர்கள். விண்ணப்பத்தில் அந்தப் பெயரைத்தான் தெரிவு செய்ய வேண்டும். முதலாவதில் மிஞ்சிய அலகு அடுத்த மாதக் கணக்குக்குப் போகும், பணம் வராது. இரண்டாவதில் மிஞ்சியதற்குப் பணம். மூன்றாவதில் உற்பத்தி முழுவதும் விற்பனை, வீட்டுப் பாவனைக்கு வழமையான பில் தனி. பெயர் ஒலிபெயர்ப்பு, பொருள் தமிழ் வாக்கியம்.

ஐசொலேட்டரும் ஐசொலேஷனும்

இதுவரை பார்த்ததை வைத்து ‘சாமான் என்றால் ஒலிபெயர்ப்பு, கருத்து என்றால் பாடப்புத்தகம்’ என்று விதி எழுதிவிடத் தோன்றும். 23 முதல் 29 வரையான ஸ்லைட்டுகள் அந்த விதியை உடைத்தன. தொகுப்பிலேயே ஆபத்தான பகுதி இதுதான், ஆகவே நேரமும் இங்கேதான் அதிகம் போனது.

டிசி ஐசொலேட்டர் என்பது பெனல் சரத்துக்கும் இன்வேட்டருக்கும் நடுவில் நிற்கும் சுவிட்ச். ஆங்கில ஸ்லைட் வேலை தொடங்குமுன் டிசி பக்கத்தைத் துண்டிக்கச் சொன்னது. வரைவு: “பணிக்கு முன் டிசி பக்கத்தைத் தனிமைப்படுத்தவும்.” 2020க்குப் பிறகு தனிமைப்படுத்தல் என்றால் நம் மக்களுக்கு ஒரே பொருள்தான், பதினான்கு நாள். சிரிப்பை விட்டாலும், அந்த வாக்கியம் கைக்கு எந்த வேலையும் சொல்லவில்லை. மாற்றியது இப்படி:

“முதலில் ஏசி பிரேக்கரை OFF ஆக்கவும். பிறகு டிசி ஐசொலேட்டரை OFF ஆக்கவும். வெயில் இருக்கும்வரை ஐசொலேட்டருக்கு மேலே, பெனல் பக்க வயரில் 495 வோல்ட் அப்படியே இருக்கும்.”

மூன்றாவது வரி ஆங்கிலத்தில் இல்லை, பேச்சாளர் குறிப்பில் மட்டும் இருந்தது. ஆனால் ‘OFF’ என்ற சொல் ஏசி வேலைக்காரருக்கு ‘இனித் தொடலாம்’ என்று பொருள் தருவதால், சொல்லின் எல்லையைச் சொல்லும் வரி அதோடு ஒட்டியே நிற்க வேண்டும். OFF என்பதை ஆங்கில எழுத்திலேயே விட்டதற்குக் காரணம் சுவிட்ச்சின் மேல் அப்படித்தான் அச்சாகியிருக்கிறது.

அடுத்து, மின்வில். பெனல் வயர்களை இணைக்கும் செருகியை ஓட்டம் ஓடும்போது இழுத்துக் கழற்றினால், இடைவெளியில் காற்றின் ஊடாகவே ஓட்டம் வெளிச்சமாகப் பாயும், அதுதான் வில். ‘வில்’ பாடப்புத்தகத்தில் உண்டு, மின்பணியாளர் அதைக் கேட்டால் இராமர் கையில் உள்ளதைத்தான் நினைப்பார். வரைவில் ‘தீப்பொறி’ என்று இருந்தது. அது இன்னும் மோசம், ஏனென்றால் பிளக் கழற்றும்போது பொறி தெறிப்பதை அவர் தினமும் பார்க்கிறார், பயப்படுவதில்லை. அந்தப் பொறி அணைவது ஏசி என்பதால். 50 ஹேட்ஸ் மின்சாரம் செக்கனுக்கு 100 தடவை பூச்சியத்தைத் தொட்டுப் போகும், அந்த இடைவெளியில் வில் செத்துவிடும். டிசியில் பூச்சியம் வருவதே இல்லை, ஆகவே வில் நின்று எரியும், செருகியை உருக்கும். இதற்குச் சொல் அவரிடமே இருந்தது: வெல்டிங். வேலிக் கேற் ஒட்டும்போது கம்பிமுனையில் நிற்கும் வெளிச்சமும் ஒரு வில்தான். ஸ்லைட்டில் ‘ஆர்க்’ என்று ஒலிபெயர்த்து, அடுத்த வரியில் “வெல்டிங் வெளிச்சம்போல் நின்று எரியும், பொறிபோல் அணையாது” என்று எழுதப்பட்டது.

பிறகு திரையில் வரும் பிழைச் செய்திகள். சில இன்வேட்டர்களில் இப்படி வரும்:

```
PV Isolation Low
```

ஒலிபெயர்ப்புப் பழக்கம் கையில் ஒட்டிக்கொண்டதால், திருத்திய வரைவிலும் இது “பிவி ஐசொலேஷன் குறைவு” என்று வந்துவிட்டது. நான்கு ஸ்லைட்டுக்கு முன்புதான் ஐசொலேட்டர் என்றால் சுவிட்ச் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறோம். இப்போது ஐசொலேஷன் குறைவு என்றால் பயிலுநர் என்ன செய்வார்? ஐசொலேட்டரைக் கழற்றுவார், புதிதாக ஒன்று வாங்கிப் பூட்டுவார், பிழை அப்படியே இருக்கும். ஆங்கிலத்தில் ஒரே வேரிலிருந்து வந்தாலும் இரண்டும் வேறு விடயங்கள். திரையில் வருவது வயருக்கும் எர்த்துக்கும் இடையிலான காப்புத் தடை போதாமல் போனதைச் சொல்கிறது. எங்கேயோ கசிகிறது. கூரை விளிம்பில் உராய்ந்து தோல் போன வயர், சரியாக அமுக்காத செருகிக்குள் போன மழைநீர், இவைதான் வழக்கமான காரணங்கள். மாரி மழையில், அல்லது பனி விழுந்த காலையில் பிழை வந்து, வெயில் ஏறிய பின் தானாக மறைந்தால் ஈரம் என்று கிட்டத்தட்ட நிச்சயமாகச் சொல்லலாம். காய்ந்த நாளிலும் நின்றால் வயரைத் தேட வேண்டும்.

ஆகவே திரைச் செய்தியை மொழிபெயர்க்கவும் இல்லை, ஒலிபெயர்க்கவும் இல்லை. திரையில் உள்ள எழுத்துகளே ஸ்லைட்டில் பெரிதாக, அதன் கீழே: “வயரின் காப்பு எர்த்துக்குக் கசிகிறது. சுவிட்ச் பிழை இல்லை.” கடைசி மூன்று சொற்கள் எந்த மொழிபெயர்ப்பு இலக்கணத்திலும் வராது. குழப்பத்துக்குக் காரணம் நாம் தேர்ந்த ஒலிபெயர்ப்பு, அதைச் சரிக்கட்டுவதும் நம் வேலை.

தீவு இல்லாத தீவாக்கம்

கூரை சோலர் உள்ள வீட்டில் தெருவில் கரண்ட் போனால் வீட்டிலும் போகும். பற்றரி இல்லாத சாதாரண இன்வேட்டர் மின்சார சபை லைனின் 230 வோல்ட், 50 ஹேட்ஸைப் பார்த்துக்கொண்டுதான் ஓடும். லைன் செத்ததும் தானும் நின்றுவிட வேண்டும், இல்லாவிட்டால் லைன் செத்துவிட்டது என்று நம்பிக் கம்பத்தில் ஏறியவருக்கு நம் கூரையிலிருந்து கரண்ட் போகும். இந்தப் பாதுகாப்புக்கு ஆங்கிலப் பெயர் தீவை வைத்து அமைந்தது: ஒரு பகுதி மட்டும் தனியே உயிரோடு நிற்பது தீவு. வரைவு ‘தீவாக்க எதிர்ப்புப் பாதுகாப்பு’ என்றது. மட்டக்களப்பு நகரில் உள்ள புளியந்தீவில் நடக்கும் வகுப்பில் தீவாக்கத்தை எதிர்ப்பது என்றால் வேறு ஏதோ காணிப் பிரச்சினை என்று நினைக்கலாம். ‘ஆன்டி ஐலன்டிங்’ என்று ஒலிபெயர்த்தாலும் லாபம் இல்லை. அந்தப் பெயரில் சாமான் இல்லை, சுவிட்ச் இல்லை, பெரும்பாலும் திரையிலும் வராது. இன்வேட்டருக்குள் இருக்கும் ஒரு குணம் அது.

சொல்லைத் தேடும் வேலையையே இங்கே கைவிட்டோம். தலைப்பு: “கரண்ட் போனால் சோலரும் நிற்கும்.” கலைச்சொல் பட்டியலிலும் அந்த வாக்கியமே. விவரத்தாளில் ஆங்கிலப் பெயரைத் தேட வேண்டியவருக்காக அதை ஆங்கில எழுத்தில் ஸ்லைட்டின் அடியில் சிறிதாக இட்டால் போதும். பெயர்ச்சொல்லைப் பெயர்ச்சொல்லாலேயே நிரப்ப வேண்டும் என்ற பிடிவாதம் இருந்தால் இந்த வழி கண்ணில் படாது. வீட்டுக்காரர் முதல் மாதமே கேட்கும் கேள்விக்கான பதிலும் இந்தத் தலைப்பில்தான் இருக்கிறது.

‘உச்ச சூரிய மணிநேரம்’ இதற்கு மாறாக ஒரு புதுச்சொல்லைக் கேட்டது. ஒரு நாளில் விழும் வெயில் முழுவதையும், சதுர மீற்றருக்கு 1000 வாட் என்ற முழுவெயிலாகக் கூட்டிக் கட்டினால் எத்தனை மணித்தியாலம் வரும் என்பதே அந்த அளவு. வரைவின் சொல்லைக் கேட்டவர் உச்சி வெயில் நேரம், பத்து மணியிலிருந்து மூன்று மணி வரை என்று எடுத்துக்கொள்வார். தொகை 5 என்று ஸ்லைட்டில் இருப்பதால் அந்தப் பிழை தற்செயலாகச் சரிபோலவும் தெரியும். காலை ஒன்பது மணி வெயில் கணக்கில் இல்லை என்று நினைத்துக் கிழக்குப் பக்கம் தென்னை நிழல் விழுந்தால் பரவாயில்லை என்று விட்டுவிடுவார். ‘முழுவெயில் மணி’ என்று வைத்தோம், கூடவே மழை மானி உவமை: நாள் முழுக்கத் தூறினாலும் ஒரு மணித்தியாலத்தில் கொட்டினாலும் மானி கூட்டித்தான் காட்டும். கணக்கு: 5.5 கிலோவாட் பெனல், 5 முழுவெயில் மணி, வெப்பம் தூசி வயர் இழப்பெல்லாம் போக 0.8. பெருக்கினால் நாளுக்கு 22 அலகு. அலகு என்ற சொல் பில்லிலேயே இருப்பதால் கிலோவாட் மணி என்று எழுதத் தேவைப்படவில்லை. மீட்டரில் உள்ள kWh எழுத்துகளை மட்டும் ஒருமுறை காட்டி, இதுதான் அலகு என்று சொன்னால் முடிந்தது.

மாற்றும் வேலையில் உடைவது

சொற்கள் முடிவானதும் 36 ஸ்லைட்டிலும் மாற்ற வேண்டும். முதலில் எல்லா எழுத்தையும் ஸ்லைட் எண்ணோடு வெளியே எடுப்பது நல்லது:

```python
from pptx import Presentation
p = Presentation("solar.pptx")
for n, s in enumerate(p.slides, 1):
    for sh in s.shapes:
        if sh.has_text_frame:
            print(n, sh.text_frame.text, sep="\t")
```

இது அட்டவணைக்குள் உள்ளதையும், ஒன்றாகக் கட்டிய வடிவங்களுக்குள் உள்ளதையும், பேச்சாளர் குறிப்பையும் எடுக்காது. படமாக ஒட்டிய வயரிங் வரைபடத்தின் பெயர்களையும் எடுக்காது, அவற்றைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். பழைய சொல் கடைசிவரை ஒளிந்திருப்பது பெரும்பாலும் படங்களுக்குள்தான்.

திறன் இருக்கும் இடமெல்லாம் வலு என்று ஒரே தட்டில் மாற்றுவது எளிதாகத் தோன்றும். செய்தால் இரண்டு பக்கமும் உடையும். ‘வினைத்திறன்’ என்பது ‘வினைத்வலு’ ஆகிவிடும், ஏனென்றால் சரியான சொல்லுக்குள்ளும் அந்த எழுத்துகள் இருக்கின்றன. மறுபக்கம் ‘திறனை’, ‘திறனுக்கு’, ‘திறனில்’ எதுவும் மாறாது, அவற்றில் புள்ளி வைத்த ‘ன்’ இல்லை. தேடலில் புள்ளியில்லாமல் `திறன` என்று கொடுத்தால், குறியீட்டு அளவில் எல்லா வடிவமும் பிடிபடும். பிடிபட்ட பின் ஒவ்வொன்றையும் வாசித்துக் கையால் மாற்ற வேண்டும். ‘திறனை’ என்பதற்கு ‘வலுவை’ என்று உடம்படுமெய் வருவதால் இயந்திர மாற்றம் எப்படியும் உதவாது. முன்சொல்லின் வலிமிகுதலும் மாறும்: ‘குறைந்த திறன்’ மாறினால் சிக்கல் இல்லை, ‘வெளியீட்டுத் திறன்’ மாறும்போது தகர ஒற்று எடுபட்டு ‘வெளியீட்டு வலு’ ஆக வேண்டும்.

பழைய பயிற்சிக் குறிப்புகள் பாமினி எழுத்துருவில் கிடந்தால் இன்னொரு தொல்லை. பாமினியில் ‘தமிழ்’ என்பது உள்ளே `jkpo;` என்றே இருக்கிறது, எழுத்துரு மட்டுமே அதைத் தமிழாகக் காட்டுகிறது. ஒருங்குறித் தேடல் அங்கே ஒன்றையும் காணாது. முதலில் மாற்றி, பின்னர் தேட வேண்டும்.

ஸ்லைட்டில் இடமும் ஒரு நீதிபதிதான். தமிழ்க் கூட்டுச்சொல் நீளும், மென்பொருள் அதை அசை பார்த்து உடைக்காது, பெட்டிக்கு வெளியே தள்ளும் அல்லது எழுத்தைச் சுருக்கும். எழுத்தைச் சுருக்குவதைவிடக் கூட்டுச்சொல்லை இடம்விட்டுப் பிரிப்பது நல்லது. ஆங்கிலத் தலைப்பு 32 புள்ளியில் இருந்த இடத்தில் தமிழ் 28, வரி இடைவெளி 1.2. அதற்குக் குறைந்தால் மேல்வரியின் கீழ்க்கொம்பும் கீழ்வரியின் மேல்விசிறியும் முட்டுகின்றன, பின்வரிசையில் இருப்பவருக்கு ‘லி’ எது ‘லீ’ எது என்று தெரியாது.

சோதிப்பதற்கு மூன்று மின்பணியாளர் போதும், ஆனால் “விளங்குதா அண்ணன்?” என்று கேட்கக்கூடாது. எல்லோரும் விளங்குது என்றே சொல்வார்கள். ஸ்லைட்டைக் காட்டி, பலகையில் பூட்டிய சாமான்களை முன்னால் வைத்து, “இதைச் செய்யச் சொன்னா முதல்ல எதில கை வைப்பீங்க?” என்று கேட்க வேண்டும். கை போகும் இடம்தான் விடை. ஐசொலேஷன் குழப்பம் இந்தக் கேள்வியில்தான் வெளியே வரும், பேச்சில் வராது.

காற்றுச் சுமை

கடைசியாகத் தீர்ந்தது ‘லோட்’. ஆங்கிலத்தில் ஒரே சொல் மூன்று இடத்தில். வீட்டில் ஓடும் ஃபிரிட்ஜும் மோட்டரும் இழுப்பது ஒன்று, பெனல்கள் கூரையில் ஏற்றும் பாரம் இன்னொன்று, காற்றினால் வருவது மூன்றாவது. வரைவு மூன்றுக்கும் சுமை என்றது. முதலாவது லோட்டாகவே போனது, மின்பணியாளர் வாயில் அதுதான். இரண்டாவதற்குச் சுமை மிகப் பொருத்தம்: பெனல் ஒன்று ஏறத்தாழ 28 கிலோ, பத்தும் 280, இரும்புச் சட்டம் தனி.

மூன்றாவதில்தான் தமிழ்ச் சொல் கையைப் பிடித்து எதிர்த்திசையில் இழுத்தது. சுமை கீழே அழுத்தும். கூரைப் பெனலுக்கு ஆபத்தான காற்றோ மேலே தூக்கும். கணக்கைப் பார்க்கலாம். காற்றழுத்தம் பாஸ்கலில், வேகத்தின் வர்க்கத்தை 0.6ஆல் பெருக்கினால் வரும். செக்கனுக்கு 40 மீற்றர், அதாவது மணிக்கு 144 கிலோமீற்றர் காற்றில் அது 960 பாஸ்கல், சதுர மீற்றருக்கு 98 கிலோ எடை அளவு. ஒரு பெனலின் பரப்பு 2.58 சதுர மீற்றர். அழுத்தம் முழுவதும் தூக்கலாக விழுந்தால் 253 கிலோ, பெனலின் எடைக்கு ஒன்பது மடங்கு. கூரையின் ஓரத்திலும் மூலையிலும் இழுவை நடுப்பகுதியைவிட அதிகம். 1978 நவம்பர் சூறாவளியில் கூரைகள் பறந்ததைப் பார்த்த ஊர் இது, இந்தத் திசையை யாருக்கும் விளக்கத் தேவையில்லை, சொல் மட்டும் தடுக்காமல் இருந்தால் போதும். ஸ்லைட்டில் ‘காற்றுத் தூக்கல்’ என்று வைத்து, படத்தில் அம்புக்குறியை மேல்நோக்கித் திருப்பினோம். ஆங்கிலப் படத்தில் அது கூரையை நோக்கிக் கீழே இருந்தது. சொல் மாறிய பிறகு அதற்கு அடுத்த வரியும் மாறியது: “சட்டத்தின் ஆணி தகட்டில் மட்டும் பிடித்தால் போதாது, கீழே உள்ள மரத்தில் இறங்க வேண்டும்.”